மேலே பார்த்தால் ஆம்

ஆக்னஸ் எதையும் ஒரு முறை கேட்டு நம்புகிறவள் அல்ல. பட்டாபிராமில் பிறந்து வளர்ந்தவள். அம்பத்தூர் தொழிற்பேட்டைக்கு அருகில் ஒரு தனியார் மருத்துவமனையில், தீவிர சிகிச்சைப் பிரிவில் பதினேழு வருடமாக நர்ஸ். முந்தைய ஷிப்ட்காரி "மருந்து கொடுத்தாச்சு" என்றால் காலி ஊசியைத் தேடிப் பார்ப்பாள். மானிட்டர் ஒரு எண்ணைக் காட்டினால் நோயாளியின் மணிக்கட்டைப் பிடித்துத் தானும் ஒரு முறை எண்ணுவாள். கூட வேலை செய்கிறவர்கள் அவளுக்கு 'சிபிஐ' என்று பெயர் வைத்திருந்தார்கள்.

அதற்குக் காரணம் இருந்தது. வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருடம், மானிட்டர் இல்லாத பொது வார்டில் இருந்தபோது ஒரு காலையில், "மூணாம் பெட்டு நல்லாத் தூங்குறாரு, எழுப்பாத" என்று சொல்லிவிட்டு ஒருத்தி கிளம்பிப் போனாள். ஆக்னஸ் நம்பினாள். ஒரு மணி நேரம் கழித்துத் தொட்டபோது கை சில்லென்று இருந்தது. அன்றிலிருந்து சொன்னதை நம்புகிற பழக்கம் போய்விட்டது.

அப்படிப்பட்டவளே பதினான்கு நாட்கள் ஒரு விஷயத்தை நம்பிக்கொண்டிருந்தாள். ஐந்தாம் பெட்டில் இருந்த சம்பந்தத்துக்கு நினைவு இல்லை என்று.

சம்பந்தத்துக்கு நாற்பத்தொன்பது வயது. வெள்ளானூர்க்காரர். அப்பா காலத்து நிலத்தில் பாதி பிளாட்டாகிவிட்ட பிறகு, மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருந்தார். ஒரு திங்கட்கிழமை காலை கடையில் தலை சுற்றியது. எதிரில் இருந்த பொருள் இரண்டிரண்டாகத் தெரிந்தது. பேச்சு குழறியது. அண்ணன் வரதன்தான் பைக்கில் உட்காரவைத்துப் பக்கத்துக் கிளினிக்குக்கு அழைத்துப்போனார். அங்கே தலைசுற்றலுக்கு ஒரு ஊசி போட்டு அனுப்பினார்கள். வீட்டில் படுத்தவர் சாயங்காலம் எழுந்திருக்கவில்லை.

ஆம்புலன்சில் வந்து சேர்ந்தபோது அவருக்கு நினைவு இல்லை என்பது உண்மைதான். மூச்சுக்கு வென்டிலேட்டர் வைத்தார்கள். முதல் ஸ்கேனில் ரத்தக்கசிவு எதுவும் தெரியவில்லை. மறுநாள் எடுத்த எம்ஆர்ஐயில்தான் விஷயம் தெரிந்தது. மூளைத்தண்டுக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாயில் அடைப்பு. தண்டின் நடுப்பகுதியான பான்ஸின் முன்பக்கம் இரண்டு புறமும் செத்துப்போயிருந்தது. நரம்பியல் மருத்துவர் நிவேதிதா அன்றும் நாலாம் நாளும் வந்து பார்த்தார். சம்பந்தம் அப்போதும் ஆழ்ந்த மயக்கத்தில்தான் இருந்தார். பிறகு நிவேதிதா பன்னிரண்டு நாள் விடுப்பில் கோயம்புத்தூர் போய்விட்டார்.

ஆறாம் நாள் கண் திறந்தது. பகலில் திறந்திருக்கும், இடையில் மூடிக்கொள்ளும். கை, கால், முகம் எதிலும் அசைவில்லை. டியூட்டி டாக்டர் அபிஷேக் தினமும் வந்து, "கையை அழுத்துங்க. இந்தப் பக்கம் பாருங்க. அந்தப் பக்கம் பாருங்க," என்பார். விழி நடுவிலேயே நிற்கும். நோட்டில் எழுதுவார்: கண் திறக்கிறது, கட்டளைக்குப் பதில் இல்லை. ஒன்பதாம் நாள் தொண்டையில் துளையிட்டு மூச்சுக்குழாயை அதில் பொருத்தினார்கள்.

மனைவி ராணி மட்டும் விடாமல் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"அவரு என்னியப் பாக்குறாரு சிஸ்டர். நான் வந்தா கண்ணுல தெரியுது."

ஆக்னஸ் தலையாட்டுவாள். எத்தனை மனைவிகள் இதைச் சொல்லிக் கேட்டிருக்கிறாள். மனசு ஆசைப்படுவதைக் கண் பார்க்கும் என்று அவளுக்குத் தெரியும். ராணி சொன்னதை அவள் சோதித்துக்கூடப் பார்க்கவில்லை. பின்னால் அவள் தன்னை மன்னிக்காத விஷயம் அதுதான்.

பதினைந்தாம் நாள் காலை, தொண்டைக்குழாயில் சளி எடுப்பதற்காக ஆக்னஸ் கையுறை உறையைக் கிழித்தாள். மானிட்டரில் நாடித்துடிப்பு எழுபத்தெட்டிலிருந்து நூற்று நாலுக்கு ஏறியது. அவள் இன்னும் அவரைத் தொடவே இல்லை.

சளி எடுக்கும்போது துடிப்பு ஏறுவது சகஜம். எடுப்பதற்கு முன்பே ஏன் ஏற வேண்டும்?

ஒரு மணி நேரம் கழித்து, பக்கத்துப் பெட்டருகே நின்று, சம்பந்தத்துக்குத் தெரியாதபடி இன்னொரு உறையைக் கிழித்தாள். மறுபடி ஏறியது. அபிஷேக்கிடம் சொன்னாள்.

"பழக்கம் சிஸ்டர்," என்றார் அவர். "அந்தச் சத்தத்துக்குப் பின்னாடி இருமல் வரும்னு உடம்பு பழகிடுச்சு. அதுக்கு நினைவு வேணும்னு இல்ல."

பதில் சரியாகத்தான் இருந்தது. ஆனாலும் அவளுக்கு மனசு ஒப்பவில்லை. சத்தம் வேண்டாம், வெறும் வார்த்தை போதும் என்று தோன்றியது. மதியம் கையில் எதுவும் இல்லாமல் போய், அவர் காதருகே மெதுவாகச் சொன்னாள்.

"சம்பந்தம் அண்ணா, இப்ப சளி எடுக்கப் போறேன்."

துடிப்பு ஏறியது. தொண்ணூறு, தொண்ணூற்றாறு, நூறு.

"இல்லண்ணா. இப்ப எடுக்கல. சாயங்காலந்தான்."

அவள் மானிட்டரையே பார்த்துக்கொண்டிருந்தாள். எண் மெல்ல இறங்கியது. எண்பத்தைந்து. எண்பது.

ஆக்னஸ் திரையை இழுத்து மூடிவிட்டுக் குனிந்தாள்.

"நான் பேசறது கேக்குதுன்னா, மேல பாருங்க."

விழி மேலே போனது.

"கீழ பாருங்க."

கீழே வந்தது.

வேறொருத்தியாக இருந்தால் ஓடிப்போய் ராணியைக் கூட்டி வந்திருப்பாள். ஆக்னஸ் போகவில்லை. தான் பார்த்ததைத்தான் அவள் முதலில் சந்தேகப்பட்டாள். பான்ஸில் அடிபட்டவர்களுக்கு விழி தானாகவே வெடுக்கென்று கீழே இறங்கி, மெல்ல மேலே ஏறும் ஒரு அசைவு வருவதுண்டு. அதை நான் பேச்சென்று நினைத்துக்கொண்டேனா?

சாயங்காலம் அபிஷேக்கை வற்புறுத்தி அழைத்துவந்தாள். அதற்குள் சம்பந்தத்தைத் துடைத்து, புரட்டிப் போட்டு, நெஞ்சுக்குப் பிசியோதெரபி கொடுத்து முடித்திருந்தார்கள். இமை பாதி மூடியிருந்தது. அபிஷேக் பக்கவாட்டில் பார்க்கச் சொன்னார், எதுவும் நடக்கவில்லை. மேலே பார்க்கச் சொன்னார், இமை மூடிக்கொண்டது.

"நீங்க பார்த்தது தானா வர்ற அசைவு சிஸ்டர். வீட்டுக்காரங்க கிட்ட எதையும் சொல்லி வெக்காதீங்க. வெள்ளிக்கிழமை கூட்டிட்டுப் போறாங்க."

அது ஆக்னஸுக்குப் புதுச் செய்தி. தேறும் வாய்ப்பில்லை என்று வீட்டாருக்குச் சொல்லியாகிவிட்டது. வரதன் கையெழுத்துப் போட்டு, தம்பியை வென்டிலேட்டரிலிருந்து எடுத்து, வெள்ளானூர் வீட்டுக்குக் கொண்டுபோகப் போகிறார். வழியிலேயே மூச்சு நின்றாலும் நிற்கும். எல்லாருக்கும் அது தெரியும். சம்பந்தத்தின் கட்டிலைச் சுற்றி நின்றுதான் அதைப் பேசியிருந்தார்கள்.

அவள் ராணியிடம் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. ஆனாலும் திரைக்குப் பின்னால் நர்ஸ் நோயாளியோடு தனியாகப் பேசுகிறாள் என்ற செய்தி துப்புரவுப் பெண் மூலம் வெளியே போய்விட்டது. மறுநாள் காலை வரதன் நடைபாதையில் அவளை நிறுத்தினார். உயரமான மனிதர். கழுத்தில் துண்டு. குரலை உயர்த்தாமல் பேசினார்.

"இன்னா சிஸ்டர், எந்தம்பி பேசறான்னு சொல்லிகினு கீறீங்களாம்?"

"பேசறாருன்னு நான் சொல்லல."

"ரெண்டு வாரமா ஒண்ணும் இல்லன்னீங்க. ஊட்டுக்கு இட்டுகினு போறோம்னு சொன்ன ஒடனே உசுரு வந்துட்ச்சா? இங்க ஏதோ தப்பு நடந்துகீது. அத்த மறைக்கத்தான் இப்படிப் பேசறீங்க."

"எனக்கே இன்னும் நிச்சயமில்ல. அதனாலதான் யார்கிட்டயும் சொல்லல."

"நிச்சயம் இல்லாம எதுக்கு அவன் காதுல போயி ஓதறீங்க?"

அவர் தன்னைச் சந்தேகப்பட்டது அவளுக்குக் கோபத்தைத் தரவில்லை. அவர் இடத்தில் இருந்தால் தானும் அதையேதான் கேட்டிருப்பேன் என்று நினைத்தாள். ஆனால் அவர் சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்ட விதம் உறுத்தியது. தம்பிக்கு நினைவு இருக்கிறது என்றால் ஒரு அண்ணன் இவ்வளவு பயப்படுவானா?

புதன்கிழமை நிவேதிதா விடுப்பு முடிந்து வந்தார். வெளிநோயாளிகள் வரிசையைத் தாண்டி ஆக்னஸ் உள்ளே போய், நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். கையுறை உறை, துடிப்பு, மேலே, கீழே. நிவேதிதா பேனாவைக் கீழே வைத்தார்.

"பக்கவாட்டுல பாக்கல. மேலயும் கீழயும் மட்டும். அப்படித்தானே?"

"ஆமா டாக்டர்."

நிவேதிதா எழுந்துவிட்டார். மாடிப்படியில் ஏறும்போதே கேட்டார்: "இத்தனை நாளா அவரைப் பக்கவாட்டுலயா பாக்கச் சொல்லிட்டிருந்தாங்க?"

கட்டிலருகே நாற்காலி போட்டு உட்கார்ந்து, சம்பந்தம் விழித்திருக்கும் நேரத்துக்காக இருபது நிமிடம் காத்திருந்தார். பிறகு அரைமணி நேரம் சோதித்தார். ஈஈஜி எடுக்கச் சொன்னார். மூளையின் மின்னலைகள் விழித்திருக்கும் சாதாரண மனிதருக்கு இருப்பதுபோலவே இருந்தன. இமையை மூடிவிட்டபோது ஒரு மாதிரி, திறந்துவிட்டபோது வேறு மாதிரி மாறின.

வரதனையும் ராணியையும் அழைத்து உட்காரவைத்தார். அபிஷேக் கதவருகே நின்றார்.

"உங்க தம்பி மோட்டார் வேலை பார்த்தவர் இல்லையா? அதையே வெச்சுச் சொல்றேன். நம்மளை முழிப்பா வெச்சிருக்கிற நரம்புக் கூட்டம் மூளைத்தண்டோட மேல்பகுதியில, பின்பக்கமா இருக்கு. அங்கிருந்து மூளை முழுக்க சப்ளை போகுது. அது செத்தா நினைவு போயிடும். இவருக்கு அது தப்பிச்சிடுச்சு. மொதல் சில நாள் வீக்கத்துல அதுவும் அமுங்கியிருக்கலாம், அதனால மயக்கம். வீக்கம் வடிஞ்சதும் முழிச்சுட்டார். செத்துப்போனது முன்பக்கம். மூளை 'கையைத் தூக்கு', 'பேசு'ன்னு அனுப்புற கட்டளை எல்லாம் அந்த வழியாத்தான் கீழ இறங்குது. கரண்டு இருக்கு. மோட்டாருக்குப் போற ஒயர் எரிஞ்சுபோச்சு."

"கண்ணு மட்டும் எப்படி ஆடுது?" என்று கேட்டார் வரதன்.

"பக்கவாட்டுல பாக்குற நரம்பு மையம் பான்ஸுலயே இருக்கு. அது போச்சு. மேல கீழ பாக்குறது, இமையைத் தூக்குறது, ரெண்டுக்கும் மையம் அதுக்கு மேல, நடுமூளையில. அடைப்பு அங்க எட்டல. அவருக்கு மிச்சம் இருக்கிற ஒரே வழி அதுதான்."

"அப்போ காது?" என்றாள் ராணி.

"கேக்குது. தொட்டாத் தெரியுது. வலியும் தெரியுது."

ராணி புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். வரதன் நாற்காலியின் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார்.

"நான் நம்பல டாக்டர். கண்ணு சும்மா மேலயும் கீழயும் ஆடிகினு கீது. நீங்க கேக்குற கேள்விக்கு ஏத்த மாதிரி எடுத்துக்கறீங்க."

"நியாயமான சந்தேகம்," என்றார் நிவேதிதா. "அப்போ கேள்விய நீங்களே எழுதுங்க. பதில் எங்க யாருக்கும் தெரியக் கூடாது. உங்க தம்பிக்கும் உங்களுக்கும் மட்டும் தெரிஞ்சதா இருக்கணும். ஆமா, இல்ல ரெண்டும் கலந்து வரட்டும்."

வரதன் நடைபாதை பெஞ்சில் உட்கார்ந்து வெகுநேரம் எழுதினார். வியாழன் காலை, சம்பந்தம் தூங்கி எழுந்து தெளிவாக இருந்தபோது சோதனை நடந்தது. ராணியை வெளியே இருக்கச் சொன்னார்கள். வரதன் தம்பியின் கண்ணில் படாதபடி தலைமாட்டுக்குப் பின்னால் நின்றார். நிவேதிதா தாளைப் பார்த்துக் கேட்க வேண்டும். விழியைப் பார்த்துக் குறிக்க வேண்டியது அபிஷேக். மேலே என்றால் ஆம். கீழே என்றால் இல்லை.

"உங்க அப்பாவோட வண்டி மாட்டுக்குப் பேரு வெள்ளச்சியா?"

கீழே.

"நீங்க ஆறாங்கிளாஸ் படிக்கும்போது ஏரியில விழுந்தீங்களா?"

மேலே.

"தூக்கிவிட்டது உங்க அண்ணனா?"

கீழே.

ஒவ்வொரு கேள்விக்கும் நடுவே ஒரு நிமிடம் ஓய்வு. அபிஷேக்கின் பேனா ஒவ்வொரு முறையும் நிதானமாக எழுதியது. ஐந்தாவது கேள்விக்கு மேல் அவர் வரதனை நிமிர்ந்து பார்க்க ஆரம்பித்தார். வரதனின் முகம் கறுத்துக்கொண்டே வந்தது. எட்டுக் கேள்விகள் முடிந்தன. ஒன்பதாவதைப் படிப்பதற்கு முன் நிவேதிதா ஒரு கணம் தயங்கி, எழுதியிருந்தபடியே படித்தார்.

"அன்னிக்குக் காலையில குடிச்சிருந்தியா?"

விழி கீழே போனது. அங்கேயே நின்றது.

சம்பந்தத்தின் கண்ணோரத்திலிருந்து நீர் வழிந்து காதுக்குள் இறங்கியது. முகத்தில் ஒரு சுருக்கமும் இல்லை.

"எத்தனை சரி?" என்று வரதனிடம் கேட்டார் நிவேதிதா.

"எட்டும் சரி."

"ஒன்பதாவது?"

வரதன் துண்டை முகத்தில் அழுத்திக்கொண்டு வெளியே போய்விட்டார்.

ஆக்னஸ் பின்னாலேயே போனாள். ஆத்திரமாக இருந்தது. அசையக்கூட முடியாத ஒரு மனிதனைக் கட்டிலில் வைத்துக்கொண்டு விசாரணையா? கேட்டேவிட்டாள்.

"அது எதுக்குங்க அந்தக் கேள்வி?"

வரதன் சுவரைப் பார்த்தபடி சொன்னார். "கிளினிக்குல இன்னா ஆச்சுன்னு கேட்டாங்க. வாய் குழறுதேன்னாங்க. நாந்தான் தண்ணி போட்டிருப்பான்னு சொன்னேன். முன்னாடி குடிப்பான் சிஸ்டர். ரெண்டு வருசமா இல்லன்னு ராணி சொல்லும். நான் நம்பல. அவங்களும் ஒரு ஊசியப் போட்டு அனுப்பிட்டாங்க. அப்பவே பெரிய ஆஸ்பத்திரிக்கு வந்திருந்தா…"

வரதன் கதவுப் பக்கம் கையைக் காட்டினார்.

"இங்க நின்னுகினே எத்தினியோ தடவ சொல்லிட்டேன். குடிச்சே கெட்டான்னு. கட்டிலாண்ட நின்னு சொன்னேன். அவன் கேட்டுகினு இருந்துகீறான்."

சீக்கிரம் வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அவளால் உறுதியாகச் சொல்ல முடியாது. அடைப்பைக் கரைக்கும் மருந்துக்குச் சில மணி நேரம்தான் கெடு. அது கொடுத்தும் தேறாதவர்களை அவள் பார்த்திருக்கிறாள். ஆறுதலுக்காகப் பொய் சொல்ல அவளுக்கு வராது. "உள்ள வாங்க. அவருகிட்டயே சொல்லுங்க," என்றாள்.

வரதன் உள்ளே போனார். தம்பியின் முகத்துக்கு நேரே குனிந்து நின்றார். என்ன சொன்னார் என்று யாருக்கும் கேட்கவில்லை. சம்பந்தத்தின் இமை மூடியிருந்தது. தூங்கினாரா, பார்க்க விருப்பமில்லாமல் மூடிக்கொண்டாரா என்பதும் தெரியவில்லை. வெள்ளிக்கிழமை வந்த படிவத்தில் வரதன் கையெழுத்துப் போடவில்லை.

அடுத்த வாரம் ராணியும் ஆக்னஸும் சேர்ந்து ஓர் அட்டை தயாரித்தார்கள். மேல் மூன்று வரிசைகளில் வல்லினம், மெல்லினம், இடையினம். அதன் கீழே உயிரெழுத்துகள். முதலில் வரிசையைச் சொல்ல வேண்டும். அவர் மேலே பார்த்தால் அந்த வரிசையின் எழுத்துகளை ஒவ்வொன்றாகச் சொல்ல வேண்டும். பிறகு உயிரெழுத்து. ஒரு சொல்லுக்குப் பத்து நிமிடம் ஆகும்.

ராணிதான் முதலில் படித்தாள். வல்லினம், ச. உயிரில் ஒ. இடையினம், ல. மறுபடி ல, உயிரில் இ. "சொல்லி" என்றாள் ராணி. "இன்னா சொல்லி?" அடுத்து ட, மறுபடி ட, உ. "சொல்லிட்டு." பிறகு வல்லினத்தில் ச, உயிரில் ஏதோ ஒன்று. அவர் களைத்துக் கண்ணை மூடிக்கொண்டார்.

"சொல்லிட்டுச் செய்," என்றாள் ஆக்னஸ். "எதையும் செய்யறதுக்கு முன்னாடி சொல்லிட்டுச் செய்யச் சொல்றாரு." அவர் கண் திறந்ததும் அதையே கேட்டாள், விழி மேலே போனது.

பதினைந்து நாட்கள் சொல்லாமலே அவர் தொண்டைக்குள் குழாய் விட்டவர்களில் அவளும் ஒருத்தி. அன்று பணி முடிந்ததும் உடை மாற்றும் அறையில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டுத்தான் ரயிலுக்குப் போனாள்.

அபிஷேக் தன் பழைய குறிப்புகளை அடித்துத் திருத்தவில்லை. கீழே புதிதாக எழுதினார்: நினைவு முழுமையாக உள்ளது, இதுவரை தவறாகக் கணிக்கப்பட்டது. கீழே கையெழுத்தும் போட்டார். கண் திறந்த நோயாளி யார் வந்தாலும் இப்போது அவர் முதலில் மேலேயும் கீழேயும்தான் பார்க்கச் சொல்கிறார்.

சம்பந்தம் ஒன்றரை மாதத்தில் வென்டிலேட்டரிலிருந்து விடுபட்டார். மூச்சை நடத்தும் மையம் பான்ஸுக்குக் கீழே, அடிபடாமல் இருந்தது. தொண்டைத் துளையோடு, வயிற்றுக்குழாயோடு வெள்ளானூர் போனார். எட்டு மாதத்தில் வலது கட்டைவிரல் கொஞ்சம் அசைந்தது. அதற்கு மேல் வரும் என்று நிவேதிதா வாக்குக் கொடுக்கவில்லை.

ஆக்னஸ் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்ததும், தொண்டைக்குழாயைப் பார்ப்பதற்காக அங்கே போவாள். அட்டையை இப்போது பெரும்பாலும் வரதன்தான் பிடித்துக்கொண்டிருந்தார். வேகமாகப் படித்தார். இரண்டு எழுத்து வந்தாலே சொல்லைச் சொல்லிவிடுவார். இரண்டு சொல் வந்தாலே வாக்கியத்தை முடித்துவிடுவார். ராணிக்கு அதில் ஆச்சரியம்.

"பெரியவரு கண்ணப் பாத்தே சொல்லிடறாரு சிஸ்டர்."

ஆக்னஸ் அதையும் நம்பவில்லை. ஓரமாக நின்று கவனித்தாள்.

வரதன் இரண்டு வரிசை ஓட்டினார். "அண்," என்றார். பிறகு நிமிர்ந்து, "அண்ணன் மேல கோவம் இல்லன்றான்," என்றார். அவர் கண் பளபளத்தது.

ஆக்னஸ் முன்னால் வந்தாள். அட்டையை அவர் கையிலிருந்து வாங்கவில்லை. சம்பந்தத்தின் முகத்துக்கு நேராக நின்றாள்.

"அண்ணா, நீங்க சொல்ல வந்தது அதுதானா?"

விழி கீழே போனது.

வரதன் அட்டையைத் தாழ்த்தினார். ராணி தலை குனிந்துகொண்டாள்.

"முழுசாப் படிங்க," என்றாள் ஆக்னஸ். "ஒவ்வொரு எழுத்தா. நடுவுல நீங்க முடிக்காதீங்க. முடிஞ்சதும் படிச்சுக் காட்டிட்டு, அவரு மேல பாக்குற வரைக்கும் காத்திருங்க."

வரதன் அட்டையை மறுபடி தூக்கிப் பிடித்தார். முதல் வரிசையிலிருந்து ஆரம்பித்தார். அன்று அந்த ஒரு வாக்கியத்துக்கு முக்கால் மணி நேரம் ஆனது. அண்ணன் அறைக்குள் பீடி பிடிக்க வேண்டாம், இருமல் வருகிறது என்பதுதான் விஷயம்.

படித்துக் காட்டினார். விழி மேலே போனது.

வரதன் சட்டைப்பையிலிருந்த பீடிக்கட்டை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனார். ஆக்னஸ் கை கழுவிக்கொண்டு வந்து, சளி எடுக்கப் போவதாகச் சம்பந்தத்திடம் சொன்னாள், பதிலுக்காகக் காத்திருந்தாள்.